மாதச் சம்பளமா, முகூர்த்த வருமானமா?



ஸ்டுடியோக்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கல்யாணப் படங்களை நீங்கள் எடுக்கிறீர்கள். அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் ரசீதுகளையும் நிலுவைகளையும் நான் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் வைகாசி முடிகிற நேரத்தில் யாராவது ஒரு தம்பி என்னிடம் வந்து இதே கேள்வியைக் கேட்பார்: "அண்ணே, ஸ்டுடியோவில் பதினாறாயிரம்தான் கைக்கு வருது. வெளியே போனா ஒரு கல்யாணத்துக்கு ஆறாயிரம் தர்றாங்க. மூணு கல்யாணம் எடுத்தாலே என் சம்பளம் வந்துடும். வேலையை விட்டுடலாமா?"

இன்றைய என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். குறைந்தாலும் தவறாமல் வரும் சம்பளமா? கூடுதலாக வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஃப்ரீலான்ஸ் வருமானமா? "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்று சொல்லி உங்களை நான் அனுப்பி வைக்கப் போவதில்லை. "கிடைத்ததை விட்டுவிடாதே" என்று சொல்லி உட்கார வைக்கப் போவதும் இல்லை. கணக்குப் போடப் போகிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து போடுங்கள்.

முதலில் அந்தத் தம்பியின் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கு. உங்கள் தொகைகளை இதில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் வேலை பார்ப்பது ஆல்பம் அச்சிடும் லேபும் சேர்ந்த பெரிய ஸ்டுடியோ. 20 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மொத்தச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய். அதில் 15,000 ரூபாயை அடிப்படைச் சம்பளமாக வைத்து பி.எஃப். பிடிக்கிறார்கள். அதன் 12 சதவீதம் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 135 ரூபாய். இவை போகக் கைக்கு வருவது 16,065. அவர் சொல்லும் பதினாறாயிரம் இதுதான்.

ஆனால் அவருடைய சம்பளம் பதினாறாயிரம்தானா? பிடித்த 1,800 ரூபாய் எங்கே போனது? அவர் பேரில்தான் சேர்ந்தது. அதற்கு ஈடாக முதலாளியும் 1,800 ரூபாய் கட்டுகிறார். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி பி.எஃப். கணக்கில் சேர்கிறது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி மூன்றேகால் சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்டுகிறார். மாதா மாதம் 2,385 ரூபாய் அந்தத் தம்பியின் கண்ணில் படாமலே அவருக்காகக் கட்டப்படுகிறது. ஆண்டுக்கு 28,620 ரூபாய்.

அதோடு முடிந்ததா? தீபாவளிக்குக் குறைந்தபட்ச போனஸ் சுமார் 7,000 ரூபாய். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருவது ஓர் ஆண்டுக்கான தொகை. இவருக்கு அது 8,654 ரூபாய்.

இப்போது எல்லாவற்றையும் கூட்டுங்கள். சம்பளம் ஆண்டுக்கு 2,16,000. மேலே சொன்னவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,60,000 ரூபாய். மாதத்துக்கு 21,700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. "பதினாறாயிரம்" என்று நினைத்துக்கொண்டு அந்தத் தம்பி விடப்போகும் வேலையின் உண்மையான விலை இருபத்தோராயிரத்து எழுநூறு. ஐயாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் கணக்கில் சேர்க்காமலே அவர் தராசைத் தூக்கிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது இருபது பேர் வேலை செய்யும் ஸ்டுடியோவின் கணக்கு. மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் சிறிய ஸ்டுடியோவுக்குச் சட்டப்படி பி.எஃப். கட்டாயம் இல்லை, இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும் பொதுவாகப் பத்துப் பேராவது இருந்தால்தான் வரும். அங்கே பதினாறாயிரம் என்றால் பதினாறாயிரம்தான். ஆகவே வேலையை விட நினைக்கிறவர் முதலில் தம் சம்பளச் சீட்டைக் கையில் எடுக்க வேண்டும். அதில் பி.எஃப். எண் இருக்கிறதா? இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா? முதலாளியின் பங்கு மாதா மாதம் கட்டப்பட்டிருக்கிறதா? பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் தெரிந்துவிடும். சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் பணம் இல்லை என்றால், நீங்கள் நினைக்கிற சம்பளம் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

சரி, தராசின் ஒரு தட்டில் 2,60,000 ரூபாய் வைத்தாயிற்று. இனி அடுத்த தட்டு.

ஒரு கல்யாணத்துக்கு ஆறாயிரம். மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டும் சேர்த்து. கேமரா நம்முடையது, வேலை இன்னொரு ஸ்டுடியோவுக்கு. தை மாதத்தில் ஏழு கல்யாணம் கிடைத்தால் 42,000 ரூபாய்! இந்த எண்தான் தம்பியின் கண்ணில் மின்னுகிறது. ஆனால் தை மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கலாமா? நம் ஊர்க் காலண்டர் அதற்கு இடம் தருமா?

ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் இல்லை. மார்கழியில் இல்லை. பங்குனியில் சில குடும்பங்கள் வைப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் குவியும். மற்ற மாதங்களில் நடுத்தரமாக வரும். அந்தத் தம்பிக்குத் தை, வைகாசி, ஆவணியில் தலா ஏழு, மாசி, ஆனி, ஐப்பசி, கார்த்திகையில் தலா ஐந்து, சித்திரையில் நான்கு, பங்குனியில் மூன்று கிடைப்பதாக வைப்போம். மொத்தம் 48 கல்யாணம். அழைப்பு ஓயாத ஆளுக்குத்தான் இது கிடைக்கும். 48ஐ ஆறாயிரத்தால் பெருக்கினால் 2,88,000 ரூபாய். சம்பளத்தைவிட அதிகம்தானே என்று தோன்றுகிறது, இல்லையா?

பொறுங்கள். இனிமேல் அந்தத் தம்பி தொழிலாளி மட்டுமல்லர், முதலாளியும் அவர்தான். முதலாளி கட்டிய செலவெல்லாம் இனி அவர் கட்ட வேண்டும்.

கேமரா, இரண்டு லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்தால், நான்கு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 50,000. நான்கு ஆண்டு ஓடுமா? ஒரு கல்யாணத்தில் 2,500 கிளிக் அடிக்கிறீர்கள். 48 கல்யாணத்துக்கு 1,20,000 கிளிக். ஷட்டர் இரண்டு லட்சம் கிளிக் தாங்கும் என்று கம்பெனி சொல்லும் கேமரா, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஷட்டர் மாற்ற, பேட்டரி, மெமரி கார்டு வாங்க ஆண்டுக்கு 10,000 எடுத்து வையுங்கள். இ.எஸ்.ஐ. போனதால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 15,000. ஆக, ஒரு கல்யாணம்கூட எடுக்காவிட்டாலும் ஆண்டுக்கு 75,000 ரூபாய் செலவு நிற்கிறது.

இதற்கு மேல் கல்யாணத்துக்குக் கல்யாணம் பெட்ரோலுக்கு 300 ரூபாய். அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒரு செலவு: வராத பணம். "அடுத்த வாரம் வாங்கிக்கோ தம்பி" என்று சொன்னவர் பிறகு போனை எடுக்கவே மாட்டார். பன்னிரண்டு கல்யாணத்துக்கு ஒரு கல்யாணப் பணம் வராது என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் கழிய வேண்டும். ஆறாயிரத்தில் உண்மையாக நிற்பது 5,200 ரூபாய்.

48 கல்யாணத்துக்கு 2,49,600. நிற்கிற செலவு 75,000ஐக் கழியுங்கள். மிச்சம் 1,74,600 ரூபாய்.

நண்பர்களே, ஒரு தட்டில் 2,60,000. இன்னொரு தட்டில் 1,74,600. நாற்பத்தெட்டு கல்யாணத்துக்கு ஓடியும், நாற்பத்தெட்டு இரவு கண்விழித்தும், அந்தத் தம்பி ஆண்டுக்கு 85,000 ரூபாய் இழக்கிறார். அந்த இழப்பு அவருக்குத் தெரிவதும் இல்லை. ஏன்? தை மாத வேலைக்குக் கையில் நாற்பதாயிரம் புரண்டது. அந்த மாதத்தின் நினைவு ஆண்டு முழுவதும் அவருடைய கண்ணை மறைக்கிறது.

சம்பளத்துக்குச் சமமாக வர எத்தனை கல்யாணம் எடுக்க வேண்டும்? 2,60,000உடன் 75,000ஐக் கூட்டி 5,200ஆல் வகுங்கள். 65 கல்யாணம். காலண்டரை விரித்து, முகூர்த்த நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பத்துக் கல்யாணம் நடக்கிற ஒரு நாளில் நீங்கள் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். அறுபத்தைந்தை எட்ட ஏறக்குறைய ஒரு நல்ல நாளும் வீணாகக் கூடாது. காய்ச்சல் வரக் கூடாது. வீட்டில் விசேஷம் வரக் கூடாது. மணிக்கட்டு சுளுக்கக் கூடாது. நடக்கிற காரியமா?

அதே 48 கல்யாணத்துக்கு ஆறாயிரத்துக்குப் பதில் எட்டாயிரம் வாங்கினால்? பெட்ரோலும் வராக்கடனும் போக 7,033 நிற்கும். பெருக்கி 75,000 கழித்தால் 2,62,000க்குச் சற்று மேல். சம்பளத்துக்குச் சமம்! பதினேழு கல்யாணம் கூடுதலாக ஓடிப் பெறுவதை, ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டுப் பெற்றுவிடலாம். ஆகவே வெளியே போகிறவருடைய முதல் கேள்வி "எத்தனை கல்யாணம் கிடைக்கும்?" என்பதாக இருக்கக் கூடாது, "எனக்கு என்ன ரேட் கிடைக்கும்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். எட்டாயிரம் உங்களுக்கு யார் தருவார்கள்? அதற்கு விடை இல்லாமல் ராஜினாமா எழுதாதீர்கள்.

தொகையைப் பார்த்தோம். இனி அது எப்போது வரும் என்பதைப் பார்ப்போம். தொகை சரியாக இருந்தும் தொழிலை விட்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் துரத்தியது வருமானக் குறைவு அல்ல. பணம் வந்த நேரம்.

ஆடியில் வேலை இல்லை. அதனால் ஆடிதான் கஷ்டமான மாதம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஸ்டுடியோக்கள் உங்களுக்கு எப்போது கணக்கு முடிக்கின்றன? பெரும்பாலும் அடுத்த மாதம். ஆனியில் எடுத்த ஐந்து கல்யாணத்தின் பணம் ஆடியில் வரும். ஆடியில் அடுப்பு எரியும். ஆடியில் வேலை இல்லாததன் விளைவு ஆவணியில்தான் தெரியும். ஆவணியில் ஏழு கல்யாணம் ஓடிக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோல் போட வேண்டும், பேட்டரி வாங்க வேண்டும். கைக்கு வரும் பணமோ பூஜ்யம்.

இதே கணக்கை மேலே கொண்டுபோங்கள். புரட்டாசியில் வேலை இல்லை. ஆகவே ஐப்பசியில் பணம் இல்லை. ஐப்பசியில் என்ன வருகிறது? தீபாவளி! மார்கழியில் வேலை இல்லை; ஆகவே தையில் பணம் இல்லை. தை முதல் நாள் என்ன? பொங்கல்! வீட்டில் செலவு ஏறுகிற இரண்டு மாதங்களிலும் வரவு நின்றுபோகிறது. சம்பளக்காரர் போனஸோடு வீட்டுக்குப் போகும் தீபாவளிக்கு, அவரைவிட அதிகமாகச் சம்பாதித்தவர் கடனோடு போகிறார். கடன் வாங்கினால் வட்டி. வட்டி கட்ட, கிடைத்த ரேட்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாயிரம் கேட்டவர் ஐயாயிரத்துக்கு இறங்கி வருவார். இப்படித்தான் கையிருப்பு இல்லாதவரின் ரேட் விழுகிறது.

எனவே கையிருப்பு இல்லாமல் வெளியேறாதீர்கள். எவ்வளவு? வீட்டுச் செலவு மாதம் 15,000 என்றால், ஆறு மாதச் செலவு 90,000 ரூபாய். பணம் வராத மூன்று மாதங்களுக்கு மூன்று பங்கு. முதல் சீசன் சரியாக அமையாவிட்டால் தாங்கிக்கொள்ள இன்னும் மூன்று பங்கு. இந்தத் தொண்ணூறாயிரத்தில் கேமராவுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வேலையை விடுவதும் தவணையில் கேமரா வாங்குவதும் ஒரே மாதத்தில் நடக்கவே கூடாது. பி.எஃப். பணத்தை எடுத்துக் கேமரா வாங்குவதும் வேண்டாம். முதல் ஆண்டு லென்ஸையும் இரண்டாவது கேமராவையும் நாள் வாடகைக்கு எடுங்கள். வேலை இருக்கும் நாளில் வாடகை. வேலை இல்லாத நாளில் செலவு இல்லை. உங்களிடம் ரேட் நிலைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் ஃப்ரீலான்ஸே கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் கூடுதல் வருமானம் உண்டு. எங்கே உண்டு என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இன்னொரு ஸ்டுடியோவுக்காக நாள் கூலிக்குக் கேமரா பிடிப்பவர் யார்? பி.எஃப். இல்லாத, இ.எஸ்.ஐ. இல்லாத, போனஸ் இல்லாத தொழிலாளி. கல்யாண வீட்டார் யாருடைய வாடிக்கையாளர்? ஸ்டுடியோவின் வாடிக்கையாளர். அந்த வீட்டில் அடுத்து வளைகாப்பு வந்தாலும் காதுகுத்து வந்தாலும் போன் ஸ்டுடியோவுக்குத்தான் போகும். நீங்கள் பத்து ஆண்டு உழைத்தாலும் உங்கள் பெயரில் ஒரு வீடு சேராது. சொந்த வாடிக்கையாளர் இருந்தால்தான் ஃப்ரீலான்ஸ் சம்பளத்தை மிஞ்சும்.

ஒரு நேரடி ஆர்டரைப் பார்ப்போம். கல்யாண வீட்டார் உங்களிடமே 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்கிறார்கள். வீடியோ எடுப்பவருக்கு 8,000, வீடியோ எடிட்டிங்குக்கு 7,000, இரண்டாவது போட்டோகிராபருக்கு 5,000, ஆல்பம் வடிவமைத்து அச்சிட 14,000, போக்குவரத்துக்கு 2,000. மொத்தம் 36,000. உங்களுக்கு நிற்பது 24,000 ரூபாய். ஆண்டுக்கு இப்படிப் பன்னிரண்டு ஆர்டர் என்றால் 2,88,000. மேலே பார்த்த நாற்பத்தெட்டு நாள் கூலியின் மொத்தத் தொகை இது! மாதம் ஒன்று என்ற கணக்கில் பன்னிரண்டு குடும்பங்கள் போதும்.

மீதி முகூர்த்தங்களில் 24 நாள் பழைய ஆறாயிரத்துக்கே போனாலும் 1,24,800 வரும். இரண்டையும் கூட்டி, நிற்கிற செலவு 75,000ஐயும், விளம்பரத்துக்கு 15,000ஐயும், நேரடி ஆர்டர்களில் வராமல் போகும் பாக்கிக்கு 20,000ஐயும் கழித்தால் 3,02,800 ரூபாய். சம்பளத்தைவிட ஏறக்குறைய 43,000 ரூபாய் அதிகம். லட்சம் லட்சமாக அல்ல, நாற்பத்து மூன்றாயிரம். ஆனால் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் உங்களுடையவை. அடுத்த ஆண்டு அவர்களின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் உங்களைத் தேடி வரும். வளர்ச்சி அங்கே இருக்கிறது.

நேரடி ஆர்டருக்கும் ஒரு நோய் உண்டு. இந்த அரங்கில் அதைப் பார்க்காதவர் எவரும் இருக்க மாட்டீர்கள். கல்யாணம் முடிந்தது. மூவாயிரம் படத்தையும் பென்டிரைவில் கொடுத்தீர்கள். "ஆல்பத்துக்கு நூற்றைம்பது படம் தேர்வு செய்து கொடுங்கள்" என்றீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். ஒரு மாதம் போகிறது. மூன்று மாதம் போகிறது. படத்தைத் தேர்வு செய்யவில்லை. ஆல்பம் அச்சாகவில்லை. ஆல்பம் வந்தால்தான் பாக்கிப் பணம். இருபத்தையாயிரம் ரூபாய் நின்றுவிடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பணம் தர மறுக்கவில்லை. ஆனாலும் பணம் வரவில்லை!

இதற்கு மருந்து ஆர்டர் எடுக்கும் நாளிலேயே இருக்கிறது. அறுபதாயிரத்தில் பத்தாயிரம் முன்பணம். ரிசப்ஷன் அன்று மாலை, கேமராப் பையைத் திறக்கும் முன் நாற்பதாயிரம். கடைசிப் பத்தாயிரம், ஆல்பத்தின் மாதிரியைக் கணினியில் பார்த்துச் சரி சொன்ன பிறகு, அச்சுக்கு அனுப்பும் முன். கல்யாணம் முடியும்போது உங்கள் கையில் ஐம்பதாயிரம் இருக்கும். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முப்பத்தாறாயிரமும் அதில் அடங்கிவிடும். ஆர்டர் படிவத்தில் ஒரு வரி எழுதுங்கள்: படங்கள் கொடுத்து 60 நாளுக்குள் தேர்வு செய்யாவிட்டால், போட்டோகிராபரே தேர்வு செய்து ஆல்பம் தயாரிப்பார், பாக்கித் தொகையை அப்போது செலுத்த வேண்டும். இதைப் பெண் வீட்டாரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணத்துக்கு முன் இதைச் சொன்னால் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்குப் பின் சொன்னால்தான் மனக்கசப்பு.

ஸ்டுடியோக்களிடம் நிற்கிற பணத்துக்கு வேறு வழி இருக்கிறது. உத்யம் பதிவு என்று ஒன்று உண்டு. இணையத்தில் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006இல் வந்தது. அப்படிப் பதிவு செய்த குறுந்தொழில்காரரிடம் சேவை வாங்கிய நிறுவனம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.   அதனால் வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதியிட்ட பில் கொடுங்கள். வழக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை. பில்லும் பதிவு எண்ணும் இருப்பவரின் பணத்தைக் கணக்குப் பிரிவு முதலில் அனுப்புகிறது. வாய்ப்பேச்சில் இருப்பவரின் பணம் கடைசியில் போகிறது. இதை நான் கணக்கு மேசையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். ஸ்டுடியோ உங்கள் பணத்தில் வரி பிடித்திருந்தால், ஆண்டு முடிந்ததும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு அந்தப் பணம் திரும்பி வரும். தாக்கல் செய்யாதவருக்கு வராது.

இனி அந்தத் தம்பிக்கு வருவோம். அவர் எப்போது வேலையை விடலாம்?

வைகாசி முடிந்த கையோடு விடலாமா? கூடவே கூடாது. அடுத்து ஒரு ஆனி, பிறகு ஆடி. கையில் காசு புரளும் நேரத்தில் எடுக்கிற முடிவு, காசு வற்றும் மாதங்களுக்குள் கொண்டுபோய் விடும். மார்கழிக் கடைசியில் விடுங்கள். தையும் மாசியும் முன்னால் இருக்கும். அந்தக் கல்யாணங்களுக்கு மண்டபமும் போட்டோகிராபரும் ஐப்பசி, கார்த்திகையிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. ஆகவே கார்த்திகை முடிவில் உங்கள் டைரியைப் பாருங்கள். தை, மாசிக்கு முன்பணம் வாங்கிய நேரடி ஆர்டர் குறைந்தது நான்கு இருக்கிறதா? "கண்டிப்பா உன்கிட்டதான் தருவேன்" என்று சொன்னவர்களை எண்ணாதீர்கள். முன்பணம் கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். நான்கு இருந்தால் புறப்படுங்கள். இல்லையென்றால் இன்னும் ஓர் ஆண்டு சம்பளத்திலேயே இருங்கள்.

தேதியில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தம்பி அந்த ஸ்டுடியோவில் சேர்ந்து நான்கு ஆண்டு தாண்டிச் சில மாதம் ஆகிறது. ஐந்து ஆண்டு முடியும் வரை இருந்தால் கிராஜுவிட்டி 43,269 ரூபாய். இப்போது விட்டால் அது கைவிட்டுப் போகிறது. ஏறக்குறைய மூன்று மாதக் கையிருப்பு அது! பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு வேண்டும். ஒன்பது ஆண்டு கட்டியவர் அவசரப்பட்டு வெளியேறினால் அந்த உரிமை கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிடும். பிள்ளைப்பேறுக்குத் தயாராகும் தங்கைக்கு இ.எஸ்.ஐ.யில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எடிட்டிங்கை வீட்டிலிருந்து செய்யலாம் என்று அதற்கு முந்தைய மாதம் வேலையை விட்டுவிடாதீர்கள். உடம்புக்கு முடியாமல் போனால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. தரும். வைகாசியில் கை முறிந்த ஃப்ரீலான்சருக்கு ஏழு கல்யாணமும் போகும்; யாரும் எதுவும் தர மாட்டார்கள்.

சம்பளத்தில் இருந்துகொண்டே வெளி உலகத்தைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முகூர்த்த நாளில் முடியாது. அன்று ஸ்டுடியோவுக்கே நீங்கள் தேவை. ஸ்டுடியோவின் வாடிக்கையாளரைத் தனியாக அழைத்துப் பேசுவதும் முறையல்ல. சோதிக்க வேண்டிய இடம் கல்யாணம் இல்லாத மாதங்கள்தான். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளி விற்பனைக்கும் ஜவுளிக்கடைகளுக்குப் புடவைப் படம் வேண்டும். பள்ளிகளின் ஆண்டு விழா வரும். தேவாலயக் கல்யாணங்கள் ஆடியையும் புரட்டாசியையும் பார்ப்பதில்லை. அவர்கள் விலக்குவது தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும். இந்து வீட்டுக் கல்யாணத்தை மட்டும் நம்புகிறவருக்கு மூன்று மாதம் வெறுமை. மூன்று வகை வாடிக்கையாளர் உள்ளவருக்கு அந்த வெறுமை சுருங்கும். ஸ்டுடியோ விதி அனுமதித்தால், ஓர் ஆடியிலும் ஒரு புரட்டாசியிலும் விடுமுறை நாள்களில் இந்த வேலைகளை எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு மாதங்களில் உங்களால் எவ்வளவு சம்பாதிக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் ஃப்ரீலான்ஸ் வாழ்க்கையின் தரைமட்டம். உங்கள் தை மாத வருமானத்தை மறந்துவிடுங்கள். புரட்டாசி வருமானத்தைக் கொண்டு முடிவெடுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, என் தீர்ப்பு இதுதான். நாள் கூலி ரேட்டை மட்டும் நம்பி, பி.எஃப். உள்ள சம்பளத்தை விடாதீர்கள், அது நஷ்டம். சலுகை ஏதும் இல்லாத பதினாறாயிரத்தில் உட்கார்ந்திருப்பவர், ரேட் கிடைத்தால் விரைவாகவே வெளியே வரலாம். அவருக்கு இழக்க அதிகம் இல்லை. முன்பணம் வாங்கிய சொந்த வாடிக்கையாளரும் ஆறு மாதக் கையிருப்பும் உள்ளவர் தையில் தாராளமாகப் புறப்படலாம்.

முன்வரிசையில் இருக்கும் ஸ்டுடியோ உரிமையாளர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சீசனுக்குப் பத்துப் பேரை வெளியிலிருந்து அழைக்கிறீர்கள். கல்யாண வீட்டார் உங்களுக்கு ரிசப்ஷன் அன்றே பணத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறார்கள். உங்களுக்காகக் கண்விழித்தவருக்கு மட்டும் ஏன் அடுத்த மாதம்? மெமரி கார்டை வாங்கும் கையாலேயே கூலியைக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் அவருடைய ஆவணியும் ஐப்பசியும் தையும் வெறுமையாகாது. நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை; கொடுக்கிற நாளை மாற்றினால் போதும். இந்த ஆண்டு ஆவணி சீசனிலேயே அதைத் தொடங்குங்கள்.